வெள்ள நாட்களில் தேய்த்த கார்டு: தணிக்கையாளர் எதைத் தேடுகிறார்?



மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இப்போது நிறுவனத்தின் பெயரில் கிரெடிட் கார்டு வைத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. காசோலையில் இருவர் கையொப்பமிட வேண்டும். கார்டையோ ஒருவரே தேய்த்துவிடலாம். பணம் போன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படியானால் காணிக்கைப் பணத்துக்கு என்ன காவல் என்று கேட்பது நியாயமே. இந்தக் காவல் அதிகமாகத் தளர்வது ஆபத்துக் காலத்தில்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா புயல் தாக்கியது. நிவாரணப் பொருள்களை உடனே வாங்க அரசு ஊழியர்கள் கொள்முதல் கார்டுகளைப் பயன்படுத்தினார்கள். மறு ஆண்டு, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம், பேரிடர் முகமையை உள்ளடக்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கார்டுச் செலவுகளில் ஒரு மாதிரியைச் சோதித்தது. அதன் கணிப்பின்படி 100-க்கு 45 செலவுகளில் முறையான அனுமதி இல்லை. 63-ல் பொருள் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. பேரிடர் முகமை 20 தட்டையடிப் படகுகளைச் சந்தை விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து, 2,08,000 டாலருக்கு வாங்கியிருந்தது. தணிக்கையாளர்கள் தேடியபோது 12 படகுகள் எங்கே என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 45 சதவீதம் என்றால் அவ்வளவும் திருட்டு என்று பொருளல்ல. அனுமதி இல்லாமல் வாங்கிய பொருள் நல்ல காரியத்துக்கே பயன்பட்டிருக்கலாம். காவல் தவறியது வேறு, பணம் தவறியது வேறு. நல்ல தணிக்கையாளர் இரண்டையும் தனித்தனியே எழுதுவார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை ஏரல் மக்கள் மறக்கமாட்டார்கள். அருகேயுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது, தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் ஏரலில் ஒரு சிறு மருத்துவமனை கார்டில் செலவு செய்ததாகக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை கார்டு வைத்திருப்பவரே வாங்கலாம்; அதற்கு மேல் பொருளாளரின் முன் அனுமதி வேண்டும் என்பது அங்குள்ள விதி.

வங்கி அனுப்பும் கணக்கில் தேதி, கடையின் பெயர், தொகை ஆகியவை இருக்கும். கேட்டு வாங்கினால் இன்னொன்றும் கிடைக்கும்: ஒவ்வொரு கடைக்கும் உரிய நான்கு இலக்க வியாபார வகை எண். கடைக்குக் கார்டு இயந்திரம் கொடுக்கும் வங்கி, கடையின் முக்கிய வியாபாரத்தைப் பார்த்து அதை வழங்குகிறது. மருந்துக்கடைக்கு 5912, மருத்துவக் கருவிகள் விற்பவருக்கு 5047, மளிகை மற்றும் சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944. வேண்டாத எண்களில் கார்டு வேலை செய்யாதபடி முன்கூட்டியே தடுக்கச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். மருத்துவமனைக் கார்டில் 5944 வந்தால் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அனுபவத்தில், சிக்கல் பெரும்பாலும் அப்படிப் பளிச்சென்று வருவதில்லை.

நமது கற்பனைக் கணக்கில் முதல் வரி 5541. ஒரே பங்கில், ஒரே நாளில், 9,800 ரூபாய் இரண்டு தடவை. ஒவ்வொன்றும் வரம்புக்குச் சற்றே கீழே, கூட்டினால் 19,600. அனுமதியைத் தவிர்க்கச் செலவைப் பிளப்பவர்கள் விட்டுச்செல்லும் அடையாளம் இதுவே. தணிக்கையாளர் உடனே குற்றம் சாட்டுவதில்லை. ஜெனரேட்டர் ஓடிய நேரம் எழுதும் நோட்டைக் கேட்கிறார். டீசல் லிட்டர் சுமார் 95 ரூபாய் என்றால் 206 லிட்டர். மணிக்கு 10 லிட்டர் குடிக்கும் ஜெனரேட்டருக்கு அது ஏறக்குறைய 20 மணி நேரம் வரும். நோட்டில் 21 மணி நேரம் இருக்கிறது. டீசல் கணக்குக்கு வந்துவிட்டது. அனுமதி மட்டும் வரவில்லை.

இரண்டாவது வரி 5411, ரூ.14,350. தங்கியிருந்த நோயாளிகளுக்கு அரிசியும் பிஸ்கட்டும் வாங்கியதாகச் சொல்கிறார்கள். வகை எண்ணும் ஒத்துப்போகிறது. ஆனால் அந்த எண் கடையின் வாசலைக் காட்டுமே தவிரப் பைக்குள் இருப்பதைக் காட்டாது. வவுச்சரில் ஒட்டியிருப்பது கார்டு இயந்திரம் துப்பிய துண்டுச் சீட்டு. அதில் தொகை மட்டுமே உண்டு. கடைக்காரரிடமிருந்து விவரமான பில்லின் நகலை வாங்கிப் பார்த்தால், அரிசி, பிஸ்கட்டோடு ரூ.3,950-க்கு ஒரு மிக்சி. சமையலறை இருப்புப் பதிவேட்டில் அது ஏறவில்லை.

மூன்றாவது வரி 24,000 ரூபாய், ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில். தண்ணீர் லாரிக்காரரிடம் கார்டு இயந்திரம் இல்லை. இந்த நிறுவனம் கார்டிலிருந்து பணத்தை எடுத்து அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பியது. கணக்கில் இடைத்தரகர் பெயரும் அவரது வகை எண்ணும்தான் தெரியும். பணம் போய்ச் சேர்ந்தவர் தெரியமாட்டார். இது சிறிய ஓட்டை அல்ல. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதே விதமான ஒரு ஏற்பாட்டை, வர்த்தகக் கார்டுகளில் ஒரு கார்டு நிறுவனம் நடத்திவந்ததை, நிறுத்திவைக்கச் சொன்னது. பணம் அனுப்புபவர், பெறுபவர் விவரம் விதிப்படி இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஆகவே தணிக்கையாளர் லாரிக்காரரின் ரசீதையும், அவர் கணக்கில் பணம் வரவான அத்தாட்சியையும், எத்தனை லோடு தண்ணீர் இறங்கியது என்று காவலாளி எழுதிய குறிப்பையும் கேட்கிறார். மூன்றும் இருந்தன, மூன்றும் ஒத்துப்போயின.

அனுமதிக்கு வருவோம். மூன்று செலவுகளுக்கும் அனுமதிப் படிவம் கோப்பில் இருக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றிலும் பொருளாளரின் கையொப்பம், தேதி டிசம்பர் 18. ஆனால் அன்று பொருளாளர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். வர வழியில்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. படிவங்களின் அச்சிட்ட வரிசை எண்களோ ஜனவரியில் பிரித்த புத்தகத்தைச் சேர்ந்தவை. அதாவது, பிறகு கையொப்பமிட்டு முன்தேதி போட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அனுமதியே இல்லாத தாளைவிட இது மோசம். வெள்ளத்தில் முன் அனுமதி வாங்க முடியாதது குற்றமல்ல. "அவசரத்தால் முன் அனுமதி பெறவில்லை, ஜனவரி 3 அன்று பார்த்து ஒப்புக்கொண்டேன்" என்று உண்மைத் தேதியோடு எழுதியிருந்தால் போதும். முன்தேதி போட்டபின், அந்தக் கோப்பிலுள்ள மற்ற தேதிகளையும் நம்ப முடியாமல் போகிறது.

தாங்கள் ஆதரிக்கும் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்க நேரிட்டால் இன்னொன்றையும் கேளுங்கள்: தலைமை நிர்வாகியே கார்டு வைத்திருந்தால், அவர் செலவுக்கு யார் கையொப்பமிடுகிறார்? அவருக்குக் கீழ் வேலை செய்யும் கணக்கர் என்று பதில் வந்தால், அது அனுமதியாகாது. ஆட்சிக் குழுவின் பொருளாளரோ வேறொரு உறுப்பினரோ பார்க்கவேண்டும்.

நமது கற்பனை மருத்துவமனைக்குத் தணிக்கையாளர் எழுதும் கடிதத்தில் மொத்தச் செலவு ரூ.57,950 என்றிருக்கும். மூன்று செலவுகளுக்கும் உண்மையான முன் அனுமதி இல்லை; படிவங்களின் தேதி திருத்தப்படவேண்டும். பொருளாகக் கணக்குக்கு வராதது ரூ.3,950, அந்த ஒரு மிக்சி. அதைப் பதிவேட்டில் ஏற்றிக் காட்டவேண்டும், அல்லது கார்டு வைத்திருப்பவர் அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்தவேண்டும்.