தாய்ப்பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை... பிரசவ ரத்தப்போக்குக்குப் பின் வரும் ஷீஹன் சிண்ட்ரோம்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அது அழகான பயணம். சேர்வராயன் மலைக்கிராமம் ஒன்றில் பிரசவமாகி, ரத்தப்போக்கு நிற்காமல் கீழே இறக்கப்படும் பெண்ணுக்கோ அந்தப் பாதையில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இவர் குறிப்பிட்ட யாரும் அல்ல. மருத்துவர்கள் இந்த நோயில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கதையை இவர் வழியாகப் புரிந்துகொள்ளலாம். காபித் தோட்டத்தில் வேலை, இரண்டாவது பிரசவம். குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி முழுமையாக வெளியே வரவில்லை. ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்விட்டது. ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டார். பெரிய மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

ஆனால், மூன்றாம் நாள் மார்பு கட்டவே இல்லை. பால் வரவில்லை. பூண்டு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு என்று வீட்டில் எல்லாமே செய்து கொடுத்தார்கள். பலன் இல்லை. குழந்தைக்குப் புட்டிப்பால் பழகிவிட்டது.

மாதங்கள் ஓடின. மாதவிலக்கு வரவில்லை. 'பிள்ளை பெத்த உடம்பு, மெதுவா வரும்' என்று விட்டுவிட்டார்கள். தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது இயல்பு. இவரோ பாலே கொடுக்கவில்லை. அப்படியானால் ஏன் தள்ளிப்போகிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தலைக்குள் நடந்தது என்ன?

மூளையின் அடியில், பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. பால் சுரக்க, சினைப்பை வேலை செய்ய, தைராய்டு இயங்க, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் ஹார்மோனைச் சுரக்க என எல்லாவற்றுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது.

கர்ப்ப காலத்தில், பால் சுரப்புக்குத் தயாராவதற்காக இந்தச் சுரப்பியின் முன்பகுதி நன்றாகப் பெருத்துவிடும். ஆனால், அதற்கு ரத்தம் வரும் பாதையோ அழுத்தம் குறைந்தது. பெரிய ரத்தப்போக்கில் உடலின் ரத்த அழுத்தம் சரியும்போது, பெருத்திருக்கும் முன்பகுதிக்கு ரத்தம் போதாமல் அதன் செல்கள் இறந்துபோகின்றன. பிரசவத்துக்குப் பின் இறந்த பெண்களின் உடல்களை ஆராய்ந்து, 1937-ல் இதை விளக்கினார் கிளாஸ்கோவில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் ஹெரால்டு ஷீஹன். அவர் பெயரிலேயே இது 'ஷீஹன் சிண்ட்ரோம்' எனப்படுகிறது.

மருத்துவமனைப் பிரசவம் பெருகிய இடங்களில் இது அரிதாகிவிட்டது. ஆனால், மறைந்துவிடவில்லை. காஷ்மீர் பள்ளத்தாக்கில் ஸ்ரீநகர் மருத்துவர்கள் நடத்தி, 2005-ல் வெளியான ஆய்வு, அங்கே 20 வயதைத் தாண்டிய பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

மலைக்குளிரில் மறையும் அறிகுறி

நம் காபித் தோட்டப் பெண்ணுக்குத் திரும்புவோம். அவருக்கு எப்போதும் அசதி. தோட்ட வேலைக்குப் போனால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். 'ரத்தம் குறைவு' என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. குளிர் தாங்க முடியவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் குளிர்கிறது என்றால் யாரும் அதை நோயாகப் பார்ப்பதில்லை. முகம் வெளிறி, தோல் வறண்டு, பசி குறைந்துவிட்டது. அக்குளிலும் அந்தரங்கத்திலும் முடி உதிர்ந்துவிட்டது. பிரசவத்தின்போது மழித்த முடி திரும்ப வளரவே இல்லை. இதை வெட்கத்தால் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். அதனால்தான் பலருக்கு இந்த நோய் பிடிபடப் பல வருடங்கள் ஆகின்றன. சிலருக்குக் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ வரும்போது ரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் இறங்கி, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியவருகிறது.

டி.எஸ்.ஹெச். மட்டும் போதாது

அசதிக்குத் தைராய்டு பரிசோதனை செய்வது வழக்கம். பல இடங்களில் டி.எஸ்.ஹெச். மட்டும் பார்ப்பார்கள். இங்கேதான் பெரிய வழுக்கல். தைராய்டு சுரப்பியே கெட்டுப்போனால், பிட்யூட்டரி அதை விரட்டி வேலை வாங்கப் பார்க்கும். அதனால் டி.எஸ்.ஹெச். ஏறும். ஷீஹனில் விரட்ட வேண்டிய பிட்யூட்டரியே படுத்துவிட்டது. அதனால் டி.எஸ்.ஹெச். 'நார்மல்' என்றே வரலாம். கூடவே ஃப்ரீ டி4 பார்த்தால்தான் அது குறைந்திருப்பது தெரியும்.

அதோடு காலை 8 மணி அளவில் எடுக்கும் ரத்தத்தில் கார்ட்டிசால், புரோலாக்டின், எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., சோடியம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கார்ட்டிசால் அளவு சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், ஊசி போட்டு அட்ரீனல் எப்படி வேலை செய்கிறது என்று சோதிப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலியாகத் தெரியலாம்.

எந்த மாத்திரை முதலில்?

சிகிச்சை என்பது குறைந்த ஹார்மோன்களை மாத்திரையாகத் திருப்பிக் கொடுப்பதுதான். ஆனால், வரிசை முக்கியம். முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. தைராய்டு மாத்திரை உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலையும் விரைவாகக் கரைத்துவிடும். கார்ட்டிசால் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இளம் பெண்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மாத்திரைகளும் தருவார்கள். மாதவிலக்கு வருவதற்கு மட்டுமல்ல, எலும்பு தேயாமல் இருக்கவும் இவை தேவை. மீண்டும் குழந்தை வேண்டுமென்றால் கருமுட்டையைத் தூண்டும் ஊசிகள் உண்டு. தவறிய தாய்ப்பாலைத் திரும்ப வரவழைக்கத்தான் வழக்கமான மருந்து எதுவும் இல்லை.

ஸ்டீராய்டை 'பக்கவிளைவு வரும்' என்று பயந்து நிறுத்தக் கூடாது. உடலில் இல்லாததை ஈடுகட்டும் அளவுதான் இது. காய்ச்சல் வந்தால் டாக்டர் முன்பே சொல்லியிருக்கும்படி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மலைக்கிராமத்தில் இருப்பவர்கள் இதற்காக விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நோயின் பெயரையும் ஸ்டீராய்டின் அளவையும் எழுதிய சீட்டு எப்போதும் கையில் இருப்பது நல்லது.

பால் வராத எல்லாத் தாய்மார்களுக்கும் இந்த நோய் என்று அர்த்தமில்லை. ரத்தசோகை, குழந்தை சரியாகச் சப்பாதது என வேறு காரணங்களே அதிகம். ஆனால் பிரசவத்தில் மயங்கும் அளவுக்கு ரத்தம் போய், பாலும் வராமல், மாதவிலக்கும் திரும்பாமல், அசதியும் தீராமல் இருந்தால், அந்தப் பிரசவம் பத்து வருடங்களுக்கு முன் நடந்திருந்தாலும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 'அசதியா இருக்கு' என்று மட்டும் சொன்னால் கிடைப்பது சத்து மாத்திரை. 'பிரசவத்துல நிறைய ரத்தம் போச்சு, பாலே வரல, அதுக்கப்புறம் தூரமே வரல' என்று சொன்னால், டாக்டருக்குப் பிட்யூட்டரி நினைவுக்கு வரும்.