144 என்றால் இன்று ஜீவனாம்சம்

சட்டக் கல்லூரி வினாத்தாளை மாடரேட் செய்வது ஒரு காலத்தில் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. முத்திரையிட்ட உறையைப் பிரித்தால் ஒரே ஒரு வினாத்தாள், பெரும்பாலும் கையெழுத்தில். மேசையில் பாடத்திட்டமும் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் இருக்கும். பாடத்திட்டத்துக்கு வெளியே எதுவும் போகவில்லையே, ஒரே அலகிலிருந்து மூன்று கேள்வி வந்துவிடவில்லையே, போன வருடக் கேள்வி அப்படியே திரும்பவில்லையே, மதிப்பெண் கூட்டல் சரிதானே: மாடரேட்டரின் பட்டியல் அவ்வளவுதான்.

கேள்வியில் உள்ள சட்டம் சரியா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தேவைப்படவும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் இயற்றப்பட்டது. பல தலைமுறை வக்கீல்கள் 302, 420 என்ற எண்களுடனேயே வாழ்ந்து ஓய்வு பெற்றார்கள். போதாததற்கு அன்றைய கேள்விகள் கட்டுரை வடிவம். ‘கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக’ என்று கேட்டால், கேள்வியில் இருக்கும் மங்கலை மாணவரே விளக்கி எழுதிவிடுவார். திருத்துபவரும் தர்க்கத்துக்கு மதிப்பெண் போடுவார். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் தாளில் அந்த இடம் கிடையாது. மாணவர் என்ன நினைத்து அந்த வட்டத்தை நிரப்பினார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஆபத்தை உச்ச நீதிமன்றம் 1983-லேயே பேசியிருக்கிறது. கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் இடையே நடந்த அந்த வழக்கு சட்டத் தேர்வைப் பற்றியதல்ல. உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பைப் பற்றியது. விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும். ஆனால் அது தவறென்று தெளிவாக நிறுவப்பட்டால் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வினா தயாரிப்பவர் தரும் விடையை இன்னொருவர் சரிபார்க்க ஏற்பாடு வேண்டும், குழப்பமான கேள்வியை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றும் சொன்னது. இன்றைய மாடரேட்டரின் வேலை விவரம் ஏறக்குறைய அதுதான்.

அதற்குப் பிறகும் சட்டக் கேள்விகள் கெட்டுப்போய்க்கொண்டுதான் இருந்தன; ஆனால் மெதுவாக. தகாத உறவுக்கான 497-ஆம் பிரிவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதைப் பற்றிய பழைய கேள்வியைத் தேடிப் பிடித்து நீக்கினால் போதும். நுகர்வோர் வழக்கு கொஞ்சம் சிக்கலானது. மாவட்ட ஆணையத்தின் பண வரம்பு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கும் நேரத்தில் 20 லட்சம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கோடி. 2021 டிசம்பரில் வந்த விதிகளில் 50 லட்சம். இந்த மூன்றும் ஒரே கேள்வியின் மாற்று விடைகளாக நிற்பதைப் பார்க்கலாம். சட்டப் புத்தகத்தை மட்டும் திறந்து பார்க்கும் மாடரேட்டர் ‘ஒரு கோடி’ என்று டிக் அடித்துவிடுவார். வரம்பைக் குறைத்தது சட்டமல்ல, விதி.

2024 ஜூலை 1 அன்று எல்லாம் ஒரே நாளில் மாறியது. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமும் வந்தன. அதற்குள் வினாத்தாள் போய் வினா வங்கி வந்துவிட்டது: ஆயிரக்கணக்கான கேள்விகள், ஒவ்வொன்றும் பல தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரக்கூடியவை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கம் பக்கமாகப் போட்ட ஒப்பீட்டு அட்டவணைகள் கிடைத்தன. கணினியில் தேடி மாற்றினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பல இடங்களில் நினைத்தார்கள்.

அங்கேதான் வங்கி கெட்டது. ஏனென்றால் பழைய எண்கள் ஒழிந்துபோகவில்லை. வேறு பொருளில் திரும்பி வந்திருக்கின்றன. நடைமுறைச் சட்டத்தில் 125 ஜீவனாம்சம், 144 நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த தடை உத்தரவு. புதிய சட்டத்தில் ஜீவனாம்சம் 144-க்கு வந்துவிட்டது; தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. கணினியில் முதலில் 125-ஐ 144 என்று மாற்றி, அடுத்து 144-ஐ 163 என்று மாற்றினால் என்ன ஆகும்? ஜீவனாம்சக் கேள்வியும் இரண்டாவது சுற்றில் 163 ஆகிவிடும். முன்ஜாமீனுக்கும் இதே விபத்து நேரும். பழைய 438 புதிய சட்டத்தில் 482. ஆனால் 482 என்பது பழைய சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது 528. வரிசை பிசகினால் முன்ஜாமீன் 528-ல் போய் நிற்கும். பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கி மாற்றினால் இந்த இரண்டு இடங்களிலும் தப்பிக்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் கருவியையே தொடக்கூடாது. பழைய 302 கொலை, புதியது 103. நியாய சன்ஹிதாவில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. 420 என்ற பிரிவே இல்லை, சட்டம் 358-லேயே முடிந்துவிடுகிறது. இவற்றைக் கண்ணால் படித்து மாற்றுவதுதான் வழி.

எண் சரியாக மாறினாலும் சட்டம் மாறியிருக்கலாம். திருட்டுக்கு 379 போய் 303(2) வந்தது. உச்ச தண்டனை அதே 3 ஆண்டுதான் என்று நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் முதல்முறை தண்டனை பெறுபவர் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. பொருளின் மதிப்பைச் சொல்லாத பழைய திருட்டுக் கேள்வி இப்போது குறையுள்ள கேள்வி.

ஒரே கேள்வியில் இந்த நோயெல்லாம் சேர்ந்திருப்பதைப் பார்ப்போம். ‘கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் உச்ச சிறைத் தண்டனை எவ்வளவு? (அ) 2 ஆண்டு (ஆ) 5 ஆண்டு (இ) 7 ஆண்டு (ஈ) 10 ஆண்டு. விடை: அ.’ பழைய 304-ஏ பிரிவின்படி விடை சரி. புதிய 106(1)-இன்படி 5 ஆண்டு, ஆகவே ‘ஆ’. ஆனால் அதே உட்பிரிவில், பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்த கவனக்குறைவுக்கு 2 ஆண்டு, ஆக மறுபடியும் ‘அ’. வண்டி ஓட்டியவர் தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு என்கிறது 106(2), அப்படியானால் ‘ஈ’. அந்த உட்பிரிவுக்கு எதிராகத்தான் 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது 106(2) மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அச்சிட்ட புத்தகத்தில் அது முழுசாக இருக்கும். அமலில் இல்லை என்பதை அரசிதழ் அறிவிக்கைதான் சொல்லும்.

மாடரேட்டர் இங்கே செய்ய வேண்டியது விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, ‘எந்தத் தகவல் மாறினால் என் விடை மாறும்?’ என்று கேட்டுக்கொள்வது. சம்பவ தேதி மாறினால் மாறும். செய்தவர் மருத்துவரென்றால் மாறும். அப்படியானால் அவை இரண்டும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். திருத்திய வடிவம் இப்படி வரும்: ‘2024 ஆகஸ்டில் ஒரு கார் ஓட்டுநரின் கவனக்குறைவால் பாதசாரி ஒருவர் இறந்தார். ஓட்டுநர் அங்கேயே நின்று போலீசுக்குத் தகவல் தந்தார். அவருக்கு விதிக்கக்கூடிய உச்ச சிறைத் தண்டனை?’ விடை ‘ஆ’. இதில் ஆகஸ்டை மே என்று மாற்றினால் விடை ‘அ’, வழக்கு எந்த ஆண்டில் விசாரணைக்கு வந்தாலும். குற்றம் நடந்த நாளின் சட்டப்படிதான் தண்டனை; அரசமைப்பின் 20(1) உறுப்பும் நியாய சன்ஹிதாவின் 358-ஆம் பிரிவும் சேர்ந்து அதைக் காக்கின்றன. அதனால் பழைய சட்டக் கேள்விகளை மொத்தமாக அழிப்பதும் தவறு. 2024-க்கு முந்தைய குற்றங்கள் இன்னும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் இருக்கும். அந்த வழக்குகளை நடத்தப்போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்தான்.

நடைமுறைச் சட்டத்தில் இந்தத் தெளிவு இல்லை. ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்கில் அதற்குப் பிறகு மனு போட்டால் எந்தச் சட்டம் என்பதில் உயர் நீதிமன்றங்களே வேறுவேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன. அதை ஒற்றை விடைக் கேள்வியாகக் கேட்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம். கட்டுரைத் தாளுக்கு அனுப்பிவிடலாம்.

சட்டமெல்லாம் சரியாக இருந்தும் விடைக்குறிப்பு தவறுவது தனி ரகம். அது பெரும்பாலும் எழுத்தர் வேலையில் நேர்வது. மென்பொருள் மாற்று விடைகளைக் குலுக்கும்போது ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பது இரண்டாவது இடத்துக்கு வந்து நிற்கும். ‘அ, இ இரண்டும்’ என்ற விடைக்குப் பொருளே போய்விடும். இப்படிப்பட்ட விடைகளை வங்கியில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தேர்வு முடிந்தபின் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. மதிப்பெண் வரிசையில் மேலே 27 சதவீதத்தினரையும் கீழே 27 சதவீதத்தினரையும் எடுத்துக்கொண்டு பார்ப்பது. நூறு பேர் எழுதிய தேர்வில், விடைக்குறிப்பு சொல்லும் விடையை மேல் 27 பேரில் 4 பேரும் கீழ் 27 பேரில் 11 பேரும் தேர்ந்திருந்தால் எங்கோ தப்பு. முதலில் சந்தேகிக்க வேண்டியது மாணவர்களை அல்ல, விடைக்குறிப்பை.

இந்தக் கணக்கை நம்பி மட்டும் இருந்துவிடவும் முடியாது. மாணவர்கள் எல்லோரும் அதே பழைய கைடைப் படித்திருந்தால், காலாவதியான கேள்விக்கு நன்றாகப் படித்தவர்கள் காலாவதியான விடையைத்தான் எழுதுவார்கள். விடைக்குறிப்பிலும் அதே இருக்கும். கணக்கில் அந்தக் கேள்வி தங்கம்போல் மின்னும்.

ஆகவே மாடரேட்டரின் பட்டியலில் இன்று முதலில் வருவது பாடத்திட்டம் அல்ல, தேதி. எந்தத் தேதியில் இருக்கும் சட்டம், கடைசியாக யார் எப்போது மூலத்தைத் திறந்து பார்த்தார்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் கேள்வி தாளுக்குப் போகக் கூடாது. வினா அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரிவு எண்ணோடு நிறுத்தாமல் பிரிவின் வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 106(2) போன்றவற்றைத் தொடுவதாக இருந்தால், தாள் அச்சுக்குப் போகும் நாளில் அரசிதழை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.