பழைய கண்ணாடியில் எழுதாத நான்காவது எண்

மீன்சுருட்டியிலிருந்து கண்ணாடி மாற்ற நான் வழக்கமாக ஜெயங்கொண்டம் போவேன். போன முறை சோம்பல்பட்டு ஆன்லைனில் வாங்கினேன். பவர் இரண்டு கண்ணுக்கும் -5.00. பழைய கண்ணாடிக் காம்பின் உள்பக்கத்தில் இருந்த `54□18 140` என்பதை அப்படியே பார்த்து அதே அளவு பிரேம் எடுத்தேன். 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குப் பாலம், 140 காம்பின் முழு நீளம் (காதுக்குப் பின்னால் வளையும் பகுதியும் சேர்த்து). எல்லாமே மில்லிமீட்டர்.

பிரேம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் போட்ட அரை மணியில் தலைவலி. ஏன்?

அந்த மூன்று எண்ணும் பிரேமைப் பற்றியவை. பாப்பாவுக்குப் பாப்பா உள்ள தூரம், அதாவது பி.டி., அதில் கிடையாது. என் மருத்துவச் சீட்டிலும் இல்லை. அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

பிறகு அளந்தேன். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்து மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். வலது கண்ணை மூடி, இடது லென்ஸில் கம்பத்தின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி. அதேபோல் இடது கண்ணை மூடி வலது லென்ஸில். இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டு புள்ளியும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இடைவெளி 62 மி.மீ. வந்தது.

புதுக் கண்ணாடியின் மையத்தைக் காண, காகிதத்தில் கூட்டல் குறி வரைந்து ஓர் அடி மேலே லென்ஸைப் பிடித்து நகர்த்தினேன். லென்ஸுக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் சேரும் இடம்தான் மையம். இரண்டு மையங்களுக்கும் இடையே 68 மி.மீ.! (சிலிண்டர் பவர் இருந்தால் கோடு சாய்ந்து குழப்பும், அப்போது கடையில் லென்சோமீட்டரில் பார்ப்பதே நல்லது.)

6 மி.மீ. தானே என்று தோன்றும். கண்ணுக்கு 3 மி.மீ., அதாவது 0.3 செ.மீ. இதைப் பவரால் பெருக்கினால் பட்டகத்தின் அளவு கிடைக்கும்:

```
0.3 × 5 = 1.5
```

இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 3. ஒரு மீட்டர் தூரத்தில் இது 3 செ.மீ. விலகல். மைனஸ் லென்ஸில் மையம் வெளியே தள்ளிப்போனால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும். கண் உள்பக்கம் எளிதாகத் திரும்பும், விரிவதற்குத்தான் சிரமப்படும். தலைவலிக்குக் காரணம் அதுதான். பவர் -1 ஆக இருந்தால் இதே பிழை 0.6 தான், பெரும்பாலும் தெரியவே தெரியாது. "நான் வாங்கினேன், ஒண்ணும் ஆகலையே" என்று நண்பர் சொல்வது இதனால்தான்.

பி.டி. எழுதி மாற்றி வாங்கியதும் வலி போச்சு. ஆனால் புரோகிரசிவ் லென்ஸுக்கு இந்தக் கணக்கு போதாது. பிரேம் முகத்தில் இருக்கும்போதே பாப்பாவின் உயரத்தையும் குறிக்க வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு அது தேவைப்பட்டால், பேசாமல் ஜெயங்கொண்டம் பஸ் ஏறிவிடுவேன்.