வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான்

வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள், மேனேஜரில் இருந்து பக்கத்து கவுண்டர்காரர் வரை எல்லோரும் கேட்டுவிடுவார்கள்: “ஜேஏஐஐபி எழுதிட்டீங்களா?” மும்பையில் உள்ள ஐஐபிஎஃப் நடத்தும் இந்தத் தேர்வில் தேறினால் சம்பளத்தில் ஒரு இன்க்ரிமென்ட் கூடும். அடுத்த படியான சிஏஐஐபி எழுதவும் வழி திறக்கும். ஆகவே, எழுதுவதா வேண்டாமா என்ற யோசனை பெரும்பாலானவர்களுக்கு இருப்பதில்லை. காலை பத்து மணிக்குக் கிளையில் உட்கார்ந்தால் இரவு ஏழுக்கு வீடு திரும்புகிற ஒருவர் எப்போது படிப்பது என்பதுதான் கேள்வி.

2023-இல் பாடத்திட்டம் மாறியது முதல் இதில் நான்கு தாள்கள். இந்தியப் பொருளாதாரமும் நிதி அமைப்பும் ஒன்று. வங்கி நடைமுறைகள் இன்னொன்று. வங்கியாளருக்கான கணக்கியலும் நிதி மேலாண்மையும் மூன்றாவது. சில்லறை வங்கியும் செல்வ மேலாண்மையும் நான்காவது. ஒவ்வொரு தாளுக்கும் நான்கு மாட்யூல்கள், ஆகமொத்தம் 16. ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தாளுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. அதற்கு ஒரு தளர்வும் உண்டு: ஒரே முயற்சியில் நான்கு தாளிலும் 45-க்குக் குறையாமல் எடுத்து, மொத்தத்தில் 50 சதவீதம் வந்தாலும் போதும்.

மே மாதத் தொடக்கத்தில் வரும் தேர்வுக்கு, திருச்சி பக்கம் ஒரு கிளையில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர் ஜனவரி முதல் வாரம் படிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் வரலாறு படித்தவர், கணக்கியல் பக்கம் போனதே இல்லை. கையில் இருப்பது 17 வாரம். தினமும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம், வங்கி விடுமுறையான இரண்டாம் நான்காம் சனிகளில் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார். காலை நேரம் வாரத்தில் ஐந்து நாள் கிடைக்கும் என்று வைத்தால், சராசரியாக வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம். பதினேழால் பெருக்கினால் 160-ஐத் தாண்டுகிறது. காகிதத்தில் பார்க்கத் தாராளம்தான்.

இந்தப் பெருக்கலில்தான் முதல் ஓட்டை. ஜனவரி நடுவில் பொங்கல் வாரம் இருக்கிறது. மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் கணக்கு முடிக்கும் காலம். வங்கி ஊழியர் யாரும் அப்போது புத்தகம் தொடப்போவதில்லை. இந்த மூன்று வாரத்தையும் தொடக்கத்திலேயே பூஜ்யம் என்று எழுதிவிட வேண்டும். மீதி 14 வாரம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. 1994-இல் ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள்; அதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமையை நினைத்துச் சொன்ன கணக்கே பாதிப்பேருக்கு மேல் தப்பிப்போனது. இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. அவரவர் தம் திட்டத்தின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இதற்கு முன் தமக்கு உண்மையில் எவ்வளவு நாள் ஆனது என்பதைப் பார்க்கவில்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் படிப்பதைவிட அளப்பதற்கே அதிகம் பயன்பட வேண்டும். அளக்க வேண்டியவை இரண்டே. வாரத்தில் உண்மையாகவே எத்தனை மணி நேரம் உட்கார முடிந்தது? ஒரு மாட்யூலை முதல் தடவை படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? நம் கிளார்க் ஒரு பாக்கெட் டைரியில் குறித்துப் பார்க்கிறார். மாத முதல் வாரம் பென்ஷன் கூட்டம். அந்த நாள்களின் மறுகாலை எழுந்திருக்க முடியவில்லை. ஞாயிறு மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் விருந்தாளிகளோடு போகிறது. கிடைத்தது ஆறு மணி நேரம். மாட்யூலுக்கும் ஆறு மணி நேரம் ஆகிறது.

இப்போது கணக்கை மறுபடி போடலாம். 14 வாரம், வாரம் ஆறு மணி என்றால் 84 மணி நேரம். கடைசி மூன்று வாரத்தை மாதிரித் தேர்வுகளுக்கு ஒதுக்கினால் 18 போய், படிக்க 66. தேவையோ 16 மாட்யூலுக்கு 96. முப்பது மணி நேரம் பற்றாக்குறை. இது ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது நல்லது. அளக்காதவருக்கு இதே செய்தி ஏப்ரல் நடுவில், ஒரு முழுப் புத்தகம் தொடப்படாமல் கிடக்கும்போது வந்து சேரும்.

முப்பது மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? “இனிமேல் நாலரைக்கு எழுந்துவிடுகிறேன்” என்பது வழக்கமான பதில். இரண்டு வாரம்கூடத் தாங்காத பதிலும் அதுதான். அதைவிட நம்பகமான வழி, எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுவது. கவுண்டரில் உட்காருகிறவருக்கு கணக்கு திறப்பது, காசோலை, வாராக்கடன், சில்லறைக் கடன்கள் எல்லாம் ஓரளவு கைவந்தவை. அப்படிப்பட்ட ஆறு மாட்யூல்களில் புத்தகத்தைத் திறக்கும் முன்பே கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்த்து, தப்பான இடங்களை மட்டும் படித்தால், ஆறு மணி நேர வேலை இரண்டில் முடியும். அதில் 24 மணி நேரம் மிச்சம். மீதி ஆறுக்கு, தேர்வுக்கு முன் இரண்டு நாள் விடுப்பு. அந்த விடுப்பை ஜனவரியிலேயே கேட்டு வைப்பது நல்லது. கணக்கு முடிந்த கையோடு கிளையில் எல்லோரும் விடுப்புக்கு நிற்பார்கள்.

தெரிந்த பாடம் என்று கேள்வியே போடாமல் தாண்டிவிடுவது ஆபத்து. கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய கணக்கைக் கணினியே காட்டிக்கொடுப்பதால், கவுண்டரில் இருப்பவர் கால அளவை நினைவில் வைத்திருப்பதில்லை. தேர்விலோ அந்த எண்ணையே கேட்பார்கள்: அபாயம் அதிகமுள்ள வாடிக்கையாளருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நடுத்தரமானவருக்கு எட்டு, குறைந்தவருக்குப் பத்து. கை அறிந்தது வேறு, விடைத்தாள் கேட்பது வேறு.

வரிசையிலும் ஒரு தீர்மானம் வேண்டும். வரலாறு படித்தவர் கணக்கியல் தாளைக் கடைசிக்குத் தள்ளுவது இயல்பு; ஆனால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தேய்மானம், பத்திரத்தின் வருவாய் விகிதம், நிகர நிகழ்கால மதிப்பு போன்றவற்றை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதாது. மூன்று மாதம் விட்டுவிட்டுப் போட்டால்தான் கை ஓடும். சில்லறை வங்கித் தாளை மார்ச்சுக்கு வைத்தாலும் கெட்டுப்போகாது.

மைல்கற்களை எப்படி எழுதுவது? ‘பிப்ரவரி 15-க்குள் கணக்கியல் புத்தகம் முடிப்பது’ என்று எழுதினால், கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் முடிந்ததாகிவிடும். ‘பிப்ரவரி 15 அன்று, பார்க்காத 50 கணக்கியல் கேள்விகளில் 25 சரி’ என்று எழுதினால் ஏமாற்ற முடியாது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது தெரிந்த மாதிரியே இருக்கும் என்பதால், இந்த வித்தியாசம் படிப்பவருக்கு உள்ளிருந்து புலப்படாது.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணிலும் ஒரு மயக்கம் உண்டு. தப்புக்குக் குறைப்பு இல்லாததால் யாரும் எதையும் காலியாக விடுவதில்லை, விடக் கூடாது. நான்கு விடையில் ஒன்று என்பதால், குருட்டாம்போக்கில் குறித்த 40 கேள்விகளில் பத்து வாக்கில் தானாகச் சரியாகும். நம் கிளார்க் ஒரு மாதிரித் தேர்வில் 58 வாங்குகிறார் என்றால், உறுதியாகத் தெரிந்து குறித்த 60-இல் சரியானவை 48, ஊகித்த 40-இல் சரியானவை 10 என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊகித்த கேள்வியின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். வாரா வாரம் ஏற வேண்டியது அந்த 48. ஊகம் அடுத்த முறை ஐந்தாகவும் போகலாம். அதேபோல், பார்த்த கேள்வித் தொகுப்பையே மறுபடி போட்டு வாங்கும் 80-க்கு மதிப்பே இல்லை. அது கேள்வியை நினைவில் வைத்ததற்குக் கிடைத்தது.

ஞாயிறு இரவு பதினைந்து நிமிடம் டைரியைத் திறந்து பார்ப்பது வாராந்தர மறுபார்வை. நினைத்த மணி நேரம், கிடைத்த மணி நேரம், உறுதியான விடைகளின் எண்ணிக்கை என்று மூன்று எண்கள். மணி நேரம் குறைந்திருந்தால் வீட்டிலோ வேலையிலோ ஏதோ மாறியிருக்கிறது. மணி நேரம் சரியாக இருந்தும் விடைகள் ஏறவில்லை என்றால், படிக்கும் விதத்தில் கோளாறு. பெரும்பாலும் கேள்வி போடாமல் வாசித்துக்கொண்டே போயிருப்பார். தப்பான விடைகளைத் தெரியாதது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது, நேரம் போதாதது என்று பிரித்தால் அடுத்த வாரம் என்ன செய்வது என்பது தெரிந்துவிடும். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 72 விநாடி. மூன்றாவது வகை கணக்கியல் தாளில் கூடினால், நீண்ட கணக்குகளை இரண்டாவது சுற்றுக்கு விட்டுவிட்டுப் பழக வேண்டும்.

தவறிய மணி நேரத்தை அடுத்த வாரத்தில் ஏற்றுவது நல்லதில்லை. இந்த வாரம் இரண்டு விட்டது, அடுத்த வாரம் எட்டு என்று எழுதினால், மூன்றாம் வாரம் பத்தாகிக் கடன்போல் குவியும். பிறகு டைரியைத் திறக்கவே பிடிக்காது. போன நேரம் போனதுதான். மீதி நேரத்துக்கு எந்த மாட்யூலைச் சுருக்குவது என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

மாத மறுபார்வைக்கு முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைப்பது உதவும், ஏனென்றால் ஏப்ரல் மாதப் பதற்றத்தில் எடுக்கும் முடிவு சரியாக இருப்பது அபூர்வம். ‘ஏப்ரல் 15 அன்று கணக்கியலில் உறுதியான விடை 35-க்குக் கீழ் இருந்தால், மீதி நேரம் முழுக்க மற்ற மூன்று தாளுக்கு’ என்று ஜனவரியிலேயே எழுதிவிடலாம். தேறிய தாள்களை ஐஐபிஎஃப் அதன் காலவரம்புக்குள் திரும்ப எழுதச் சொல்வதில்லை என்பதால் இது தோல்வி ஆகாது. நான்கையும் அரைகுறையாக எழுதி மொத்தமாக இழப்பதைவிட மூன்றைக் கையில் வாங்கிக்கொள்வது லாபம். கணக்கியல் தாளைப் பூஜ்யமாக விட வேண்டியதும் இல்லை, போய் எழுதிவிட்டு வரலாம். அது தவறினால் ஆண்டின் பிற்பகுதியில் அடுத்த வாய்ப்பு. அதற்கான திட்டத்தில் பூஜ்யம் போட வேண்டிய வாரங்கள் வேறு: செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு, ஆயுத பூஜை, தீபாவளி.