606 கிலோவா, 626 கிலோவா?

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விலையைக் குவிண்டால் கணக்கில்தான் கூறுவார்கள். அதே மஞ்சளை விவசாயியின் களத்துக்கே போய் வாங்கினால் பேச்சு கிலோவுக்கு மாறிவிடும். பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரியோ கிராமில் வரும். மூன்றும் ஒரே கொள்முதல் நோட்டில் ஏறுகின்றன. மாதக் கடைசியில் யாரோ ஒருவர் அந்த நோட்டை எக்செல்லில் ஏற்றி, எடை வரிசைக்கு அடியில் கூட்டல் போடுகிறார்.

விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு மஞ்சள் நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் வாங்கியது ஐந்து வரி, எல்லாமே விரலி மஞ்சள். கணக்கு எளிதாக இருக்க அன்றைய விலை எல்லோருக்கும் கிலோ 135 ரூபாய், அதாவது குவிண்டால் 13,500 ரூபாய் என்று கொள்வோம். நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:

ஏலம்: 4.20 குவி, தொகை 56,700
விவசாயி: 68 கிலோ, தொகை 9,180
விவசாயி: 1.5 கு, தொகை 14,175
மகளிர் குழு: 32.75 கி, தொகை 4,421.25
மாதிரி: 500 கி, தொகை 67.50

எண்களை மட்டும் கூட்டினால் 606.45 வருகிறது. உண்மையில் அன்று வாங்கிய மஞ்சள் 626.25 கிலோ. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதுதான் ஆபத்து. மொத்தம் ஆறாயிரம் என்றோ அறுபது என்றோ வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். 606 என்றால் ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மொத்தத் தொகையான 84,543.75 ரூபாயை 606.45-ஆல் வகுத்தாலும் கிலோ 139 ரூபாய்ச் சொச்சம் வருகிறது. அதுவும் நம்பும்படியான விலைதான். நானூற்று இருபது கிலோ வெறும் 4.20 ஆகச் சுருங்கியதும், அரைக் கிலோ மாதிரி ஐந்நூறாக ஊதியதும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. மொத்தத்தைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது. வரிவரியாகத்தான் பார்க்க வேண்டும்.

மாற்று விகிதம் ஒன்றும் கடினமில்லை. ஆயிரம் கிராம் ஒரு கிலோ, நூறு கிலோ ஒரு குவிண்டால், பத்துக் குவிண்டால் ஒரு டன். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சிக்கல் பெருக்கலில் இல்லை. எந்த எண்ணுக்கு எந்த அலகு என்று முடிவு செய்வதில் இருக்கிறது. மேலே உள்ள ஐந்தில் முதல் இரண்டு வரிகளில் குழப்பமே இல்லை. மற்ற மூன்றிலும் ஒவ்வொரு விதமான குழி இருக்கிறது.

ஐந்தாவது வரியிலிருந்து தொடங்கலாம். ‘கி’ என்று எழுதினால் கிராமா, கிலோவா? பாடப்புத்தகத்தில் ‘கி’ கிராம், ‘கி.கி’ கிலோகிராம். கடையிலும் மண்டியிலும் அவசரமாக எழுதுகிறவர் கைக்கு இரண்டுமே ‘கி’தான். நாலாவது வரியில் அது கிலோ, ஐந்தாவது வரியில் கிராம், எழுதியவர் ஒரே ஆள். இங்கே கைகொடுப்பது பக்கத்திலிருக்கும் தொகை. 67.50 ரூபாய் கொடுத்து 500 கிலோ மஞ்சள் எவரும் வாங்க முடியாது. தொகையை எடையால் வகுத்துப் பார்த்தால் கிலோ 13.5 பைசா வருகிறது. இருக்க வேண்டியது 135 ரூபாய். சரியாக ஆயிரம் மடங்கு வித்தியாசம். இப்படி ஆயிரம் மடங்கு விலகல் வந்தால் கிராம், கிலோ குழம்பியிருக்கிறது என்றும், நூறு மடங்கு வந்தால் கிலோ, குவிண்டால் குழம்பியிருக்கிறது என்றும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

மூன்றாவது வரி இதைவிடக் குறும்பானது. ‘1.5 கு’ என்பதை யார் பார்த்தாலும் ஒன்றரைக் குவிண்டால், 150 கிலோ என்றுதான் மாற்றுவார்கள். ஆனால் எழுதியவர் மனதில் இருந்தது ‘1 குவிண்டால் 5 கிலோ’. புள்ளியை அவர் தசமப் புள்ளியாக வைக்கவில்லை, இரண்டு அலகுகளையும் பிரிக்கும் கோடாக வைத்திருக்கிறார். பத்து ரூபாய் ஐந்து பைசாவை 10.05 என்று எழுதப் பழகிய கை, எடையில் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிடுகிறது. குவிண்டாலுக்குள் நூறு கிலோ இருப்பதால் புள்ளிக்குப் பின் இரண்டு இடம் வேண்டும்: 1.05. கிலோவுக்குள் ஆயிரம் கிராம் இருப்பதால் அங்கே மூன்று இடம்: ஐந்து கிராம் என்றால் 0.005. இந்த இடத்திலும் தொகைதான் காட்டிக்கொடுக்கிறது. 14,175-ஐ 150-ஆல் வகுத்தால் கிலோ 94.50, 105-ஆல் வகுத்தால் 135. அன்று யாரும் 94 ரூபாய்க்கு விரலி விற்கவில்லை என்றால் எடை 105 கிலோதான்.

இதில் எக்செல்லும் தன் பங்குக்கு ஒரு குளறுபடி செய்யும். நீங்கள் 1.50 என்று தட்டினாலும் சாதாரண வடிவமைப்பில் அது கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 1.5 என்றுதான் காட்டும். ஒருவர் ஒழுங்காக இரண்டு இடம் எழுதினாரா, சோம்பலாக ஒரு இடம் எழுதினாரா என்ற தடயமே அழிந்துபோகும். அதனால் நோட்டில் எழுதியது எழுதியபடியே ஒரு தனிப் பத்தியில், எழுத்து வடிவமாக, இருக்க வேண்டும். அதைத் திருத்தக் கூடாது. திருத்தம் எல்லாம் அடுத்த பத்திகளில்.

அந்தப் பத்திகள் எப்படி இருக்க வேண்டும்? A-யில் தேதி, B-யில் பொருள், C-யில் எழுதியபடி, D-யில் வெறும் எண், E-யில் அலகு, F-இல் கிலோ, G-யில் தொகை. அலகை யாரும் கையால் தட்டக் கூடாது. தட்டினால் கிலோ, கிலொ, கேஜி, கி.கி என்று நாலு விதம் வந்து நிற்கும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. தாளின் ஓரத்தில் K, L பத்திகளில் நாலு வரி அட்டவணை: கிராம் 0.001, கிலோ 1, குவிண்டால் 100, டன் 1000. பிறகு சூத்திரம் இரண்டே இரண்டு, முதலாவது F-இல், இரண்டாவது H-இல்:

```
=D2*VLOOKUP(E2,$K$2:$L$5,2,FALSE)
=G2/F2
```

முதலாவது கிலோவாக மாற்றும், இரண்டாவது கிலோ விலையைக் காட்டும். `FALSE` என்பதை விட்டுவிடாதீர்கள். அதுதான் அட்டவணையில் அச்சு அசலாக இல்லாத அலகை ஏற்காமல் `#N/A` என்று நிறுத்தும். ‘மூட்டை’ என்று யாராவது போட்டிருந்தால் அங்கே `#N/A` வரும், அதைக் கூட்டினால் மொத்தமும் `#N/A` ஆகும். சிலருக்கு அது அசிங்கமாகத் தெரியும். `IFERROR` போட்டு அந்த இடத்தில் பூஜ்யத்தை நிரப்புவார்கள். என்னைக் கேட்டால் அதைப் போல ஒரு கெட்ட வேலை வேறு இல்லை. தாள் அழகாகும், ஒரு மூட்டை மஞ்சள் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். எண் பத்தியில் ‘68 கிலோ’ என்று எழுத்தும் சேர்த்துத் தட்டிவிட்டு நேரடியாகக் கூட்டினாலும் இதே கதைதான். `SUM` அந்தக் கட்டத்தை எழுத்து என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும், ஒரு வார்த்தை சொல்லாது. பத்தியில் மற்ற எண்கள் வலப்பக்கம் ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் அதுதான் அடையாளம்.

மூட்டை என்று வந்ததால் ஒரு வார்த்தை. அது எடை அலகு அல்ல. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ என்று வரையறை இருக்கிறது. அதனால் அங்கே மூட்டையை 0.4 குவிண்டாலாக மாற்றலாம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை சேர்க்காமல் மூட்டைக்கு 947.60 ரூபாய் ஆகிறது. மஞ்சள் மூட்டைக்கு அப்படி ஒரு பொது வரையறையை நம்ப முடியாது. மூட்டைக்கு மூட்டை மாறும். அட்டவணையில் மூட்டைக்கு என்று ஒரு எண் எழுதிவைத்துக் கொள்வதைவிட, அந்த வரியை நிறுத்திவைத்து எடையைக் கேட்பதே சரி.

எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவருவதா, குவிண்டாலுக்கா? மேலிடம் குவிண்டாலில் அறிக்கை கேட்டாலும், உள்ளே கிலோவில், மூன்று தசம இடத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. தராசு கிலோவில்தான் காட்டுகிறது. சில அலுவலகங்களில் வரிக்கு வரி குவிண்டாலாக மாற்றி ஓரிடத் தசமமாக முழுமையாக்கி, பிறகு கூட்டுகிறார்கள். 68 கிலோ 0.7 ஆகும், 32.75 கிலோ 0.3 ஆகும், மாதிரி 0.0 ஆகும். முழுமையாக்கும் வேலையைக் கடைசி மொத்தத்தில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும்: 626.25 கிலோ, 6.26 குவிண்டால்.

விரலியையும் கிழங்கையும் சேர்த்துக் கூட்டக் கூடாது என்பதும் இங்கேயே சொல்லிவிட வேண்டியது. அலகு ஒன்றானதாலேயே பொருள் ஒன்றாகிவிடாது, விலை வேறு. பொருள் வாரியாகக் கூட்ட இது:

```
=SUMIFS(F:F,B:B,"விரலி")
```

இப்போது மிஞ்சுவது நாலாவது வரி, ‘32.75 கி’. தொகையை வைத்துக் கிலோ என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது 32 கிலோ 750 கிராமா, அல்லது எழுதியவர் வழக்கப்படி 32 கிலோ 75 கிராமா? முதலாவது என்றால் கிலோ 135 ரூபாய். இரண்டாவது என்றால் எடை 32.075, விலை 137.84. நாம் எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டதால் விடை பளிச்சென்று தெரிகிறது. நிஜத்தில் ஈரப்பதம், நிறம், பருமன் பார்த்து ஒவ்வொரு குவியலுக்கும் ஒவ்வொரு விலை. 135-ம் உண்டு, 138-ம் உண்டு. அங்கே விலைச் சோதனை வாயடைத்துப் போகும். ஆயிரம் மடங்கு, நூறு மடங்குப் பிழைகளை அது தப்பவிடாது. இந்த இரண்டு சதவீதப் பிழை அதன் வலையில் விழாது.

இப்படிப்பட்ட வரிக்கு எடைச்சீட்டைத் தேடித்தான் போக வேண்டும். மின்னணுத் தராசின் சீட்டில் மூன்று இடத் தசமம் அச்சாகியிருக்கும்; 32.750 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. சீட்டு கிடைக்காத வரிகளை ஊகித்து நிரப்பாமல் தனியே ஒதுக்கி, மாத அறிக்கையில் இரண்டு எண்களாகக் கொடுக்கலாம்: சீட்டோடு ஒத்துப்போன எடை 593.500 கிலோ, சரிபார்க்க வேண்டியது ஒரு வரி, 32.075 அல்லது 32.750 கிலோ.