‘ஷிப்ட் தொடங்கு’ பட்டன் வேலை செய்யாதபோது

வருகையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் வேலையிடங்களில், காலை நேரத்தில் தொழில்நுட்பக் குழுவுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே வரிதான்: “பட்டன் வேலை செய்யல, சீக்கிரம் பாருங்க.” இதை வைத்துக்கொண்டு அவர்களால் எங்கே தேடுவது என்றுகூட முடிவு செய்ய முடியாது. வேலை செய்யாத பட்டன் பல விதமாக நடந்துகொள்ளும். எந்த விதம் என்பதில்தான் காரணத்தின் தடயம் இருக்கிறது.

பட்டன் மங்கலாகி, தொட்டாலும் அசையாமல் இருந்தால், பெரும்பாலும் செயலியே அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அன்றைக்கு ஷிப்ட் ஒதுக்கப்படாமல் இருக்கலாம், அல்லது ஆள் வேலையிடத்துக்கு வெளியே இருப்பதாகச் செயலி நினைக்கலாம். அழுத்தியபின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், சர்வருக்குச் செய்தி போகவில்லை, அல்லது பதில் திரும்பவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு: பதிவு அங்கே விழுந்து, பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். எத்தனை முறை அழுத்தினார் என்பதையும் அதனால் எழுத வேண்டும். பிழைச் செய்தி ஏதாவது வந்தால், அதைச் சொந்த வார்த்தையில் சுருக்காமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே தருவதே பயன்.

ஒரு கிடங்குத் தொழிலாளி அனுப்பும் தகவலை எடுத்துக்கொள்ளலாம்:

“வணக்கம் சார். இன்று காலை 5:52 முதல் ‘ஷிப்ட் தொடங்கு’ பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. கீழே ‘பணியிடத்துக்கு வெளியே உள்ளீர்கள்’ என்று வருகிறது. நான் 2ஆம் கேட் உள்ளேதான் நிற்கிறேன். பக்கத்தில் இருப்பவர் போனில் பட்டன் வேலை செய்கிறது. நேற்று வரை எனக்கும் வந்தது. இரவு போனை மாற்றினேன். ஆண்ட்ராய்டு 13. செயலியை மூடித் திறந்து பார்த்தேன், மாறவில்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். 6 மணி ஷிப்டில் வேலையைத் தொடங்கிவிட்டேன், சூப்பர்வைசருக்குத் தெரியும்.”

பக்கத்து போனில் வேலை செய்கிறது என்ற வரி, சர்வர் பழுது என்ற சந்தேகத்தைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. மாற்றிய போனும் திரையில் வந்த வாசகமும் இருப்பிட அனுமதியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 12 முதல், இருப்பிடத்தைத் துல்லியமாகத் தருவதா, தோராயமாகத் தருவதா என்று போன் கேட்கிறது. தோராயம் என்று தேர்ந்தால், கேட்டுக்குள் நிற்பவரைக்கூட ஒரு கிலோமீட்டர் தள்ளிச் செயலி காட்டக்கூடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் துல்லிய இருப்பிடத்தை இயக்கினால் பட்டன் திரும்பிவிட வாய்ப்பு அதிகம்.

செயலியை நீக்கி மறுபடி போடுவது பலருக்கு முதலில் தோன்றும் வைத்தியம். ஸ்கிரீன்ஷாட் எடுக்குமுன் அதைச் செய்தால், போனில் சேமிக்கப்பட்ட பிழைப் பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். பணியாளர் எண்ணைத் தரலாம். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தகவலில் எழுதவே கூடாது.

கடைசி வரி பழுதைப் பற்றியதல்ல, கூலியைப் பற்றியது. பட்டன் 6:40க்குச் சரியானால் செயலி 6:40ஐத்தான் தொடக்க நேரமாகக் குறிக்கும். அதை 6:00 என்று திருத்துவது பல இடங்களில் சூப்பர்வைசர் அல்லது மனிதவளப் பிரிவின் வேலை. அவர்கள் கேட்கும் சான்று, அந்த நேரத்திலேயே அனுப்பப்பட்ட இந்தத் தகவல்தான்.