இரண்டு அட்டவணைகளும் ஒரு ஊதாக் கரைசலும்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் பருமனறி பகுப்பாய்வு என்றதும் மாணவர்கள் எழுதுவது இரண்டு அட்டவணைகள். தெரியாத கரைசல் ஒன்றுதானே, அட்டவணை ஏன் இரண்டு? வைவாவில் இதைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். சோதனையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

ஆக்சாலிக் அமிலச் சோதனையை எடுத்துக்கொள்வோம். பியூரெட்டில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். இதை எடை போட்டுக் கரைத்து, "இதன் வலிமை இவ்வளவு" என்று நம்பிவிட முடியாது. தண்ணீரில் இருக்கும் சிறு அழுக்குடன்கூட வினைபுரிந்து, பழுப்பு மாங்கனீஸ் டைஆக்சைடை உதிர்த்து, நாளடைவில் வலு குறையும். அதனால் முதல் அட்டவணையில் நம்பகமான ஒரு கரைசலை வைத்து பெர்மாங்கனேட்டை எடைபோடுகிறோம். இரண்டாவதில், எடைபோட்ட பெர்மாங்கனேட்டை வைத்து ஆக்சாலிக் அமிலத்தை அளக்கிறோம். பெர்மாங்கனேட் இங்கே தரகர் மாதிரி. இணைப்புக் கரைசல் என்று பெயர் வந்தது அதனால்தான்.

நம்பகமான கரைசல், ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட். இதற்கு மோர் உப்பு என்றும் பெயர். நாம் குடிக்கும் மோருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மோர் என்பவர் ஜெர்மானிய வேதியியலாளர். சாதாரண ஃபெரஸ் சல்ஃபேட் படிகத்தைப் போல இது காற்றுப் பட்டு எளிதில் கெடாது.

0.1 நார்மல் மோர் உப்புக் கரைசலை 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, ஒரு சோதனைக்குழாய் நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது. பெர்மாங்கனேட் அதையும் ஆக்ஸிஜனேற்றிக் குளோரினாக்கும், பியூரெட் அளவு வீணாக ஏறும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்ஸிஜனேற்றி என்பதால் அளவு குறையும். கந்தக அமிலத்தையே குறைவாக ஊற்றினால் குடுவைக்குள் பழுப்பாகக் கலங்கும். அப்படிக் கலங்கியதை ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் நல்லது.

நிறங்காட்டி தனியாகத் தேவையில்லை. விழும் ஒவ்வொரு துளியும் நிறமிழக்கும். இரும்பு தீர்ந்தபின் மிகுதியாக விழும் ஒரு துளி குடுவை முழுவதையும் வெளிர் இளஞ்சிவப்பாக்கும். அந்த நிறம் அரை நிமிடம் நின்றால் போதும். நேரம் போனால் அது தானாகவே மங்கும். பயந்துபோய் இன்னொரு துளி விட வேண்டாம். கரைசல் அடர் நிறம் என்பதால் பியூரெட்டில் கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும்.

முதல் அட்டவணையில் 19.8, 19.6, 19.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதலாவது குத்துமதிப்பாகப் பார்த்தது. ஒத்து வந்தது 19.6, அதுதான் கணக்குக்கு. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து 19.67 என்று எழுதுபவர்கள் உண்டு. பியூரெட்டின் மிகச்சிறு பிரிவே 0.1 மி.லி. என்றிருக்க அந்த 7 எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்பார். பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1 ÷ 19.6, அதாவது 0.1020.

இரண்டாம் அட்டவணையில் மோர் உப்பின் இடத்துக்கு ஆக்சாலிக் அமிலம் வருகிறது. ஆனால் இதைச் சூடாக்க வேண்டும். இரும்பு உடனே வினைபுரியும். ஆக்சாலிக் அமிலம் குளிரில் சோம்பேறி. 60–70 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும், கொதிக்க விட்டால் அமிலமே சிதையும். சூட்டிலும் முதல் சில துளிகள் நிறமிழக்கத் தாமதிக்கும். வினையில் பிறக்கும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கி என்பதால், அது கொஞ்சம் சேர்ந்ததும் வேகம் பிடிக்கும். முதல் துளியின் நிறம் நிற்பதைப் பார்த்து முடிவுநிலை வந்துவிட்டது என்று பியூரெட்டை மூடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒத்த அளவு 21.5 வந்தால், அமிலத்தின் நார்மாலிட்டி 21.5 × 0.1020 ÷ 20. கூர்ந்து பார்த்தால் இது 0.1 × 21.5 ÷ 19.6 என்று சுருங்கும், விடை 0.1097. பெர்மாங்கனேட்டின் வலிமை கணக்கிலிருந்தே கழன்று போய்விட்டது! தரகருடைய தராசு கோணலானாலும் இரண்டு முறையும் ஒரே கோணல் என்பதால் பாதகமில்லை. மோர் உப்பு உண்மையிலேயே 0.1 நார்மலாக இல்லாவிட்டால் மட்டும் தப்பிக்க வழியில்லை.

லிட்டருக்கு 63 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம் கரைந்தால் அது 1 நார்மல். எனவே 500 மி.லி.யில் இருப்பது 0.1097 × 63 ÷ 2, ஏறத்தாழ 3.456 கிராம். படிகத்தோடு ஒட்டிய இரண்டு நீர் மூலக்கூறுகளை மறந்து 63க்குப் பதில் 45 போட்டால் 2.468 கிராம்தான் வரும். தரம் பார்த்ததெல்லாம் சரியாக இருந்தும் கடைசி வரியில் ஒரு கிராம் பறிபோகும்.

சோதனை முடிந்தபின் பியூரெட்டில் பழுப்புக் கறை தெரியும். தண்ணீருக்கு அது மசியாது. குடுவையில் மீந்த ஆக்சாலிக் அமிலத்தோடு கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து வெதுவெதுப்பாக ஊற்றி அலசினால் கறை கரைந்து போய்விடும்.